நாவலின் நடுப்பகுதியையும் கேட்டு வாங்குங்கள்: பயிலரங்கு, போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் நாவல் பயிலரங்குகளையும் கையெழுத்துப்படிப் போட்டிகளையும் நடத்திவரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் அத்தகைய ஒரு பயிலரங்கில் பயின்றவன். பின்னர் சில ஆண்டுகளாக, நண்பர்களின் கையெழுத்துப்படிகளை அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் கருத்துச் சொல்லும் பணியையும் செய்துவருகிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். விண்ணப்பத்துடன் முதல் மூன்று அத்தியாயங்களையும் ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தையும் கேட்பது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. அவற்றோடு நாவலின் மையக் கேள்வியை ஒரே வாக்கியத்திலும், நடுப்பகுதியிலிருந்து ஓர் அத்தியாயத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நான் வாசித்த கையெழுத்துப்படிகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் தோற்கவில்லை. முதல் மூன்று அத்தியாயங்கள் பலமுறை திருத்தப்பட்டு மெருகேறியிருக்கும். முடிவும் எழுத்தாளரின் மனத்தில் தெளிவாகவே இருக்கும். இவை இரண்டுக்கும் இடையிலுள்ள நூறு பக்கங்கள்தாம் தொய்ந்துபோகின்றன. நம்மில் பலர் சிறுகதை வழியாக எழுத வந்தவர்கள் என்பது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிறுகதைக்குப் பழகிய கை, நடுப்பகுதியில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனிச் சிறுகதையாக எழுதிவிடுகிறது. தனியே எடுத்து வாசித்தால் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கும்; ஆனால் அடுத்ததை வாசித்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடியை எதுவும் உண்டாக்காது.

மற்றவர் எழுத்தை எடுத்துக்காட்டுவதைவிட, இவ்வாறு தொய்ந்துபோன என் நாவலையே விளக்குவது முறையாக இருக்கும்.

கதையின் களம் மலாயா ரயில்வே தஞ்சோங் பகார்வரை ஓடிய கடைசி ஆண்டு. தஞ்சோங் பகாரில் இருந்த ரயில் நிலையம் உட்லண்ட்ஸுக்கு இடம் மாறும் என்று 2010 மே மாதத்தில் சிங்கப்பூர், மலேசியப் பிரதமர்கள் அறிவித்தார்கள். 2011 ஜூன் 30 இரவு அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே, ரயில்வே கேட் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த கோவிந்தசாமி என்ற கற்பனைப் பாத்திரத்தின் வாழ்க்கையை முப்பது அத்தியாயங்களில் எழுதினேன். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் அமர்ந்து பழைய நாளிதழ்களைப் படித்தேன். புக்கிட் தீமா நிலையத்தில், வளையத்தில் கோத்த அனுமதி வில்லையை ஓட்டுநருக்குக் கைமாற்றும் முறையை ஒரு முழு அத்தியாயமாக விவரித்தேன். வாசித்த ஆறு நண்பர்களில் நான்கு பேர் பதின்மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டார்கள். நடை நன்றாக இருப்பதாகவே அனைவரும் சொன்னார்கள்.

நின்றுபோனதற்கான காரணம் எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று. "ரயில் போய்விட்டால் கோவிந்தசாமி என்ன ஆவார்?" என்பதையே நான் மையக் கேள்வி என்று எண்ணியிருந்தேன். அது ஒரு நிலைமை மட்டுமே; கேள்வியாகாது. அதற்குரிய பதிலை நாட்காட்டியே சொல்லிவிடும். ஜூன் 30 வரும், ரயில் போகும், அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பதில் வந்து சேரும். பாத்திரத்தின் செயலை எதிர்பார்க்காத கேள்வியால் நடுப்பகுதியைத் தாங்க முடியாது. அதனால்தான் நான் அந்த இடத்தைத் தீபாவளிச் சந்தையாலும் தைப்பூசக் காவடியாலும் குளுவாங்கில் கழிந்த இளமை நினைவுகளாலும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

திருத்தி எழுதியபோது கேள்வியை இப்படி அமைத்தேன்: "1979ஆம் ஆண்டு கேட்டில் நடந்த விபத்துக்காகத் தன் நண்பன் முனியாண்டி மேல் விழுந்த பழியை, ரயில்வேயும் அதன் பதிவேடுகளும் எல்லை தாண்டிப் போவதற்குள் கோவிந்தசாமி துடைத்துவிடுவாரா?" இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் அவர் செய்வதையும் செய்யத் தவறுவதையும் பொறுத்தே அமையும். அதைத் தடுக்கும் ஆட்களும் காரணங்களும் இருக்கிறார்கள், காலக்கெடுவும் இருக்கிறது. முன்பு வெறும் பின்னணியாக இருந்த ஜூன் 30, இப்போதுதான் கழுத்தை நெரிக்கும் நாளாயிற்று.

ஆனால் கேள்வி மட்டும் போதவில்லை. இரண்டாவது திருத்தத்தில் கோவிந்தசாமி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார், ஒவ்வோர் இடத்திலும் மறுக்கப்பட்டார். ஐந்து அத்தியாயங்களில் ஐந்து மறுப்புகள் இருந்தும் நாவல் அசையவில்லை. தடைகள் கூடினவே தவிர, பணயம் கூடவில்லை. தொடர்ந்து முயன்றால் அவர் எதை இழக்க நேரிடும் என்பதையே பணயம் என்கிறேன். அதை உயர்த்துவது என்றவுடன் பலர் ஆபத்தைப் பெரிதாக்குகிறார்கள். ஒரு நோய், ஒரு விபத்து, ஒரு கடத்தல் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறார்கள். உண்மையில் உயர வேண்டியது அந்த ஒரே முயற்சிக்கு அந்த மனிதர் கொடுக்க வேண்டிய விலை. அந்த விலையும் ஒவ்வொரு முறையும் அவருக்கு இன்னும் நெருக்கமான ஒன்றாக இருக்க வேண்டும், ஒருமுறை கொடுத்தபின் திரும்பப் பெற முடியாததாகவும் இருக்க வேண்டும்.

என் நாவலில் அது பின்வருமாறு அமைந்தது. பதினோராம் அத்தியாயத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டதால் மேலதிகாரியின் நல்லெண்ணத்தை இழக்கிறார். அது தாங்கக்கூடிய இழப்பு. பன்னிரண்டில் முனியாண்டியின் மனைவி சரோஜாவிடம், பழியைத் துடைத்துத் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். இனி அவர் ஓசையின்றி விலகிக்கொள்ள முடியாது. பதினைந்தில் பதிவேடு கிடைக்கிறது. விபத்து நடந்த இரவு பத்து மணிவரை வேலை நேரம் கோவிந்தசாமிக்கு உரியது. ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கே கிளம்பியதாக அவரே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அன்றிரவுதான் அவர் மகள் பிறந்தாள். மருத்துவமனைக்கு ஓடும் அவசரத்தில், பகல் முழுவதும் வேலை பார்த்துக் களைத்திருந்த முனியாண்டியிடம் கேட்டை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். தன் வேலை நேரம் முடிந்த பிறகே கிளம்பியதாக முப்பது ஆண்டுகளாகத் தன் மனத்தையே நம்பவைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் மையக் கேள்வியின் சொற்கள் மாறவில்லை; பொருள் மாறிவிட்டது. அதுவரை "அவரால் முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர், இனி "அவர் துணிவாரா?" என்று கேட்கிறார். நடுப்பகுதியைத் தாங்கும் தூண் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாவலின் ஏறத்தாழச் சரிபாதியில், பாத்திரம் தேடிப்போன பொருளே அவருக்கு எதிராகத் திரும்ப வேண்டும். புதிய கேள்வி ஒன்றை அங்கே நுழைத்தால் வாசகர் இரண்டாவது நாவலொன்றைப் புதிதாகத் தொடங்கியதுபோல் உணர்வார். பழைய கேள்வியே ஆழமாகும்போதுதான் முதல் பாதியில் வாசித்த அனைத்தும் மறுபடி உயிர்பெறுகிறது.

முன்பு இடத்தை நிரப்பிக்கொண்டிருந்த தீபாவளிச் சந்தை அத்தியாயத்தை நான் நீக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது பன்னிரண்டாம் அத்தியாயமாக இருந்தபோது வெறும் விளக்கு அலங்காரமும் கூட்டமும்தான். அதைப் பதினாறாக நகர்த்தினேன். தேக்காவில் மகளோடு நடந்துகொண்டிருக்கும் கோவிந்தசாமியைச் சரோஜா கண்டு ஓடிவருகிறார். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவர் கைக்குள் திணித்து, "அண்ணே, நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னுதான் நான் நிமிந்து நடக்கிறேன்" என்கிறார். மகள் அப்பாவைப் பெருமையோடு பார்க்கிறாள். அவருடைய சட்டைப்பையில் பதிவேட்டின் நகல் இருக்கிறது. அதே கடைத்தெரு, அதே விளக்குகள். முன்பு எழுதியிருந்த வருணனையில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. அத்தியாயம் இடம் மாறியதும், இழக்கப்போவது மகளின் கண்ணில் தெரிகிற அந்த மதிப்பு என்பதை யாரும் விளக்காமலே வாசகர் உணர்ந்துகொண்டார்.

இதிலிருந்தே நான் இப்போது எல்லாக் கையெழுத்துப்படிகளுக்கும் வைக்கும் சோதனை பிறந்தது. நடுப்பகுதியில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு அத்தியாயங்களை இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறேன். மாற்றியும் எதுவும் உடையவில்லை என்றால் அங்கே பணயம் உயரவில்லை. என் முதல் வடிவில் பதினொன்று முதல் இருபது வரை எந்த வரிசையில் வைத்தாலும் வாசிக்க முடிந்தது. இன்று பதினாறைப் பதினான்காக்கினால், சரோஜாவின் நன்றி வெறும் நன்றியாகிவிடுகிறது.

அத்தியாய முடிவில் வைக்கும் திருப்பத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வார இதழ்த் தொடர்கதைகளை வாசித்து வளர்ந்த தலைமுறை நாம். கதவு தட்டப்பட்டது, தொலைபேசி ஒலித்தது என்று முடிக்கும் கலை நமக்குக் கைவந்தது. ஒரு வாரம் காத்திருக்கும் வாசகரை அது மீட்டுக் கொண்டுவரும். நூலாக வாசிப்பவரோ அடுத்த பக்கத்திலேயே கதவைத் தட்டியவர் பால்காரர் என்று தெரிந்துகொள்கிறார். மூன்றாவது முறை அவ்வாறு நேர்ந்தபின் அவர் நம்மை நம்புவதில்லை.

எல்லா நாவல்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் நாவலுக்கு ஒரே மனிதரின் முயற்சி மையமாக இராது. அங்கே ஒரு வீடோ, ஒரு நிலமோ, சொல்லப்படாத ஓர் உண்மையோ கேள்வியைச் சுமக்கலாம். நினைவோட்டமாகவே இயங்கும் நாவலும் உண்டு. அத்தகைய படைப்பாளி தன் வாக்கியத்தை வேறுவிதமாக எழுதித் தரட்டும். எழுதவே இயலாமல் போனால், அதை அவர் 240 பக்கங்களை முடித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட விண்ணப்பத்தின்போதே தெரிந்துகொள்வது அவருக்கு நல்லது.

ஆகவே அடுத்த விண்ணப்பப் படிவத்தில் இரண்டு இடங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, யார் எதை எதற்குள் அடைய முயல்கிறார், எது தடுக்கிறது என்பதை உள்ளடக்கிய ஒரே வாக்கியம். இரண்டாவது, நாவலின் சரிபாதிக்குப் பின் வரும் ஓர் அத்தியாயமும், அதற்கு முந்தைய அத்தியாயத்தில் கொடுக்காத எந்த விலையைப் பாத்திரம் இதில் கொடுக்கிறது என்ற இரண்டு வரிக் குறிப்பும். நாவல் இன்னும் முடியவில்லை என்றால் அந்த அத்தியாயத்தின் வரைவே போதும். வழிகாட்டி எழுத்தாளர்களும் முதல் சந்திப்பை முதல் அத்தியாயத்தின் நடையிலிருந்து தொடங்காமல், அந்த இரண்டு வரிகளிலிருந்து தொடங்கட்டும்.

விரும்பினால், என் நாவலின் தொய்ந்த வடிவையும் திருத்திய வடிவையும், பதினொன்று முதல் இருபது வரையிலான அத்தியாயங்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் பயிற்சிக்காகத் தரச் சித்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பயிலரங்கு ஒன்றின் பழைய மாணவன்