எட்டாவது பேருக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி

எல்லாருக்கும் வணக்கம். அந்த அஞ்சு வாரம் என்ன ஆச்சுன்னு இதை படிக்கிற பாதி பேருக்கு தெரியும், தெரியாதவங்க தெரியாமலே இருந்துட்டு போங்க, அதை திரும்ப எழுத எனக்கு இப்ப தெம்பு இல்ல. இப்ப பரவால்ல. நல்லாவே இருக்கேன். போன செவ்வாய்க்கிழமை பேட்மிண்டன் கோர்ட்டுக்கு போய்ட்டு வந்தேன், முழங்கால் இன்னும் வலிக்குது, அந்த வலி போறதுக்குள்ள இதை எழுதிடணும்னு உக்காந்திருக்கேன்.

முதல்ல மொத்தமா ஒரு நன்றி சொல்லிடுறேன், தனித்தனியா சொல்லலன்னு யாரும் கோச்சுக்காதீங்க. சாவி வாங்கி வச்சுகிட்டு தினமும் ஒருதடவை கதவை தட்டி பாத்த கீழ்வீட்டு அண்ணன், எதுவுமே கேக்காம என் வேலையை எடுத்து முடிச்சு குடுத்த டீம்ல இருக்கிற ரெண்டு பேரு, ராத்திரி ரெண்டு மணின்னு பாக்காம போன் எடுத்த ஸ்கூல் காலத்து ஃப்ரெண்டு (நீ இருக்கிற தூரத்துக்கு வேற என்னடா பண்ண முடியும், போன் எடுத்தியே அது போதும்), எல்லாருக்கும். மனசார சொல்றேன்.

ஆனா இந்த மடல் லிஸ்ட் அக்காவுக்கு. அவங்க உண்மையான பேரு இங்க வேணாம், எங்க பேட்மிண்டன் குரூப்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். திங்கக்கிழமை ராத்திரியும் வெள்ளிக்கிழமை ராத்திரியும் வாட்ஸப்ல ஒன்னுல இருந்து எட்டு வரைக்கும் நம்பர் போட்டு அவங்கதான் லிஸ்ட் ஆரம்பிப்பாங்க, நாங்க அதை காப்பி பண்ணி அவங்கவங்க பேரை சேத்து திரும்ப போடுவோம், ரெண்டு கோர்ட், கோர்ட்டுக்கு நாலு பேரு, எட்டு நிரம்பிட்டா முடிஞ்சுது.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்தப்போ எனக்கு வயசு முப்பத்தி நாலு. ஃப்ரெண்ட்ஸ் எப்படி கிடைப்பாங்கன்னு அதுக்கு முன்னாடி நான் யோசிச்சதே கிடையாது, ஏன்னா ஸ்கூல்லயும் காலேஜ்லயும் யாரும் "தேடி" பிடிக்கிறதில்லயே, பக்கத்து பெஞ்சுல உக்காந்தவன்தான் பத்து வருஷம் கழிச்சு கல்யாணத்துக்கு வந்து நிக்கிறான். இங்க வந்து முதல் ஏழு மாசம் நான் பண்ணது எல்லாமே தப்பு, ஆனா பண்ணும்போது ரொம்ப முயற்சி பண்றதா ஒரு நினைப்பு. வாரம் ஒரு கூட்டம், இந்த வாரம் மலையேற்றம், அடுத்த வாரம் போர்டு கேம்ஸ், அதுக்கு அடுத்த வாரம் ஏதோ புகைப்பட நடை. போற இடத்துல எல்லாம் நல்லாத்தான் பேசினாங்க, நம்பர் வாங்கிகிட்டோம், "ஒருநாள் கண்டிப்பா மீட் பண்ணலாம்"னு சொல்லிகிட்டோம். அந்த "ஒருநாள்" வரவே வராது. என் போன்ல நாப்பது புது நம்பர் இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிட ஒரு நம்பர் கூட இல்ல.

ஆபீஸ்ல ஆளுங்க இல்லயான்னு கேக்கலாம். இருந்தாங்க, நல்லவங்கதான், ஆனா பேச்சு ப்ராஜெக்ட்ல ஆரம்பிச்சு ப்ராஜெக்ட்லயே முடிஞ்சிடும், அது முடிஞ்சதும் லிஃப்ட்ல தலையாட்டல் மட்டும்தான் மிச்சம்.

அப்புறமா ஒரு கணக்கு படிச்சேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர், 2018ல வந்த ஆய்வு. புதுசா வேற ஊருக்கு குடிபோனவங்ககிட்டயும், காலேஜுக்கு புதுசா வந்த பசங்ககிட்டயும் கேட்டு போட்ட கணக்கு. சும்மா தெரிஞ்சவங்க ஓரளவு ஃப்ரெண்டா மாற சுமாரா 50 மணி நேரம் சேந்து இருக்கணுமாம், சரியான ஃப்ரெண்டாக 90 மணி நேரம் கிட்ட, நெருங்கின ஃப்ரெண்டுன்னா 200க்கு மேல. இதுல வேலை இடத்துல ஒன்னா கழிக்கிற நேரத்துக்கு அவ்வளவா மதிப்பு இல்ல, வெளியில சும்மா கூடி இருக்கிற நேரம்தான் எடுபடுது, அதுவும் வெறுமனே பக்கத்துல இருந்தா பத்தாது, கிண்டல் பண்றது "அன்னிக்கு சொன்னியே அது என்னாச்சு"ன்னு கேக்கறது மாதிரி பேச்சு இருக்கணும். படிச்சதும் பளார்னு இருந்துச்சு. ஏழு மாசத்துல எப்படியும் அறுபது மணி நேரம் ஆளுங்களோட செலவு பண்ணிருக்கேன், ஆனா ஆளுக்கு ரெண்டு மணி நேரம்னு முப்பது பேருக்கு பிச்சு குடுத்திருக்கேன். முப்பது இடத்துல ரெண்டு ரெண்டு அடி தோண்டினா எதுல தண்ணி வரும்?

சரி, ஒரே இடம், ஒரே ஆளுங்க, ஒரே கிழமைன்னு முடிவு பண்ணி இந்த பேட்மிண்டன் குரூப்ல சேந்தேன். ஆட்டம் எனக்கு சுமாராத்தான் வரும், அது பெருசா தடையா இல்ல. செவ்வாயும் சனியும், ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு மூணு மணி நேரம்னா 50 ஆக பதினேழு வாரம், நாலு மாசம். ரொம்ப மெதுவா தோணுதுல்ல? ஆனா எனக்கு அந்த நம்பர் நிம்மதியா இருந்துச்சு, மூணாவது வாரத்துல யாரும் நம்மளை கண்டுக்கலயேன்னு விட்டுட்டு ஓடாம இருக்கறதுக்கு. நிஜத்துல ஆட்டத்தப்போ யாரும் பேசறதே இல்ல, மூச்சு வாங்கவே நேரம் சரியா இருக்கும். முடிஞ்சப்புறம் வெளிப்படிக்கட்டுல உக்காந்து ஷூ லேஸ் அவுக்கற இருபது நிமிஷம் இருக்கு பாருங்க, அதுதான் விஷயம். முதல் மாசம் நான் அந்த இருபது நிமிஷத்தை விட்டுட்டு, எல்லாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு உடனே கிளம்பிடுவேன். முட்டாள்தனம்.

பேச்சு கோர்ட்டை விட்டு வெளிய வந்தது ஒரு ஏணியாலதான். வீட்ல லைட் மாத்தணும், ஏணி இல்ல, வாங்கறதும் வேஸ்ட்டு, கேக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாள் டைப் பண்ணி அழிச்சு டைப் பண்ணி அழிச்சு கடைசில குரூப்ல கேட்டுட்டேன். லிஸ்ட் அக்கா அவங்க வீட்டு ஏணியை வண்டில கட்டி எடுத்துட்டு வந்தாங்க, ஏறி மாட்டினது நான், கீழ நின்னு புடிச்சது அவங்க, "தம்பி ஆட்டத்துல குதிக்கிற மாதிரி இங்க குதிச்சிடாத"ன்னு ஒரு கிண்டல். அதுக்கு முன்னாடி வரைக்கும் எங்களுக்குள்ள போன மெசேஜ் எல்லாமே டைமிங் பத்தி மட்டும்தான். அதுக்கப்புறம் சம்பந்தமில்லாத மெசேஜ் வர ஆரம்பிச்சுது. ஒரு பழக்கம் அடுத்த படிக்கு போகுதா இல்லயான்னு பாக்க எனக்கு தெரிஞ்சு இது ஒன்னுதான் அடையாளம்.

பதினாலு வாரம் போனேன். அப்புறம் அது நடந்துச்சு. குரூப்பை மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல தள்ளிட்டேன், யார்கிட்டயும் சொல்லல. கணக்குப்படி பாத்தா பதினாலு வாரம் இன்ட்டு மூணு, நாப்பத்தி ரெண்டு மணி நேரம், 50 கூட ஆகல, நான் வராததை யாரு கவனிக்க போறாங்க, சுமாரா ஆடற ஒருத்தன் கழிஞ்சான்னு சந்தோஷம்தான் படுவாங்கன்னு நிஜமாவே நம்பினேன். (இதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு, அதுவும் 2018தான், புதுசா பேசிப் பழகினவங்களுக்கு நம்மளை எவ்வளவு புடிச்சிருக்குன்னு நாம பெரும்பாலும் கம்மியாத்தான் நினைக்கிறோமாம். அப்ப இது தெரிஞ்சிருந்தா மட்டும் நம்பிருப்பேனான்னு கேட்டா, மாட்டேன்.)

அஞ்சு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி தூக்கம் வராம அந்த குரூப்பை திறந்தேன். வெளிய வந்துடலாம்னுதான் திறந்தேன், நேர்மையா சொல்லணும்ல. மேல ஏத்தி பாத்தேன். பத்து லிஸ்ட். பத்துலயும் எட்டாவது இடத்துல என் பேரு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு கேள்விக்குறி. லிஸ்ட் ஆரம்பிக்கும்போதே அக்கா போட்டிருக்காங்க, மத்தவங்க காப்பி பண்ணும்போது அதுவும் சேந்து சேந்து வந்திருக்கு. மூணாவது வாரத்துல யாரோ "அவர் வரலன்னா எட்டுல வேற ஆளை போட்டுக்கலாமே"ன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு அக்கா, "இருக்கட்டும், வந்தா ஆடட்டும், வரலன்னா பாத்துக்கலாம்." அவ்வளவுதான். அஞ்சே வார்த்தை.

பேட்மிண்டன் ஆடறவங்களுக்கு தெரியும், ஏழு பேருன்னா ஒரு கோர்ட்ல மூணு பேருதான், ரெண்டு பேருக்கு எதிரா ஒருத்தர் தனியா முழு கோர்ட்டும் ஓடணும். அந்த ஒத்த பக்கம் அஞ்சு வாரமும் நின்னது யாருன்னு போன செவ்வாய்க்கிழமைதான் எங்க குரூப் தம்பி சொன்னான். அக்காதான். மத்தவங்க மாத்திக்கலாம்னு சொன்னா, "நான்தானே அவனுக்கு இடம் வச்சேன்"னு சொல்லிட்டாங்களாம்.

"எப்படி இருக்க", "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னு எனக்கு நிறைய மெசேஜ் வந்துச்சு, எல்லாத்துக்கும் நன்றி, அதுல ஒன்னுக்கு கூட பதில் போட அப்ப என்னால முடியல. என்ன வேணும்னு யோசிச்சு சொல்றதே ஒரு வேலையா இருந்துச்சு. அந்த கேள்விக்குறி மட்டும் என்கிட்ட எதையும் கேக்கல, பதில் போடணும்னு எதிர்பார்க்கல, வாரம் ரெண்டு தடவை வந்து உக்காந்துட்டு போயிருக்கு, நான் பாக்காதப்போ கூட. இதை அக்காகிட்ட சொன்னா சிரிப்பாங்க, "பேரை அழிக்க சோம்பேறித்தனம்"னு சொல்வாங்க. சொல்லட்டும்.

அடுத்த திங்கக்கிழமை லிஸ்ட் வந்தப்போ காப்பி பண்ணி, அந்த கேள்விக்குறியை மட்டும் அழிச்சுட்டு திரும்ப போட்டேன். யாரும் ஒன்னும் சொல்லல. செவ்வாய் போய் நின்னப்போ "எங்க போன, என்னாச்சு" எதுவும் கிடையாது, அக்கா என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "லெஃப்ட் நிக்கிறியா ரைட்டா?"ன்னு ஷட்டில்காக்கை தூக்கி போட்டாங்க. நான் ரைட்னு சொன்னேன், குரல் சரியா வரல, நல்லவேளை பக்கத்து கோர்ட்ல ஒரே சத்தம்.

அன்னிக்கு முடிஞ்சு படிக்கட்டுல உக்காந்திருந்தப்போ எல்லாத்தையும் சொன்னேன். இருபது நிமிஷம் ஒன்றரை மணி நேரமாச்சு, வாட்ச்மேன் வந்து லைட்டை அணைக்கட்டுமான்னு கேக்கற வரைக்கும்.

அக்கா, நன்றி. நேர்ல சொன்னா பேச்சை மாத்திடுவீங்கன்னுதான் இங்க எழுதறேன்.

இன்னொன்னு. ஆபீஸ்ல எங்க ஃப்ளோர்ல ரெண்டு மாசம் முன்னாடி வேற ஊர்ல இருந்து ஒரு பொண்ணு சேந்திருக்காங்க, தினமும் தனியா ஹெட்போன் மாட்டிகிட்டு சாப்பிடுறாங்க. போன சனிக்கிழமை ஒருதடவை ஆட வந்தாங்க, அப்புறம் மெசேஜுக்கு பதில் இல்ல. இந்த வெள்ளிக்கிழமை லிஸ்ட் நான் போடறேன்னு அக்காகிட்ட கேட்டு வாங்கிட்டேன். எட்டாவது பேரு போட்டாச்சு, கேள்விக்குறியோட. ஒத்த பக்கம் நான் நின்னுக்கறேன், முழங்கால் என்ன ஆகுதுன்னு பாப்போம்.