திருமங்கலத்துப் பணம் மேலூர்ச் செக்கில் வந்தது எப்படி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இன்னும் சில நாளைக்குச் சொட்டு மருந்து விடவேண்டும், அவ்வளவுதான். உங்கள் கடைக் கேஷியர் விஷயமாக நீ கேட்டதைப் பற்றி போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்னதை முதலில் வரிசைப்படுத்துகிறேன். திருமங்கலம் கடைக்காரர் ஜூன் 3ஆம் தேதி 40,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கியிருக்கிறார். 7ஆம் தேதி உங்கள் கடையிலிருந்து பாக்கி கேட்டுப் போன் போனதும் ரசீதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார். கேஷியர் "பதிய மறந்துவிட்டேன்" என்றார், மறுநாள் லெட்ஜரில் 40,000 வரவு வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் இதோடு விஷயம் முடிந்தது என்கிறார். உனக்கு மனசு ஒப்பவில்லை. நீ நினைப்பதுதான் சரி, ஏனென்றால் நீ அனுப்பிய லெட்ஜர் பக்கத்தை உற்றுப் பார்: ரசீதில் ரொக்கம் என்று இருக்கிறது, 8ஆம் தேதி வரவோ வங்கிக் கணக்கு வழியாக வந்ததாக இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பணம் எப்படி வங்கி வரவாக மாறும்? மறந்துபோய்த் தாமதமாகப் பதிந்திருந்தால் அது ரொக்கக் கணக்கில்தான் ஏறியிருக்கவேண்டும், அந்த 40,000 அதுவரை பெட்டியில் கூடுதலாகவும் இருந்திருக்கவேண்டும்.

இப்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்தில் வை. 8ஆம் தேதி 46,000க்கு ஒரே ஒரு செக் ஏறியிருக்கிறது. நீ அனுப்பிய பே-இன் சிலிப் அடிக்கட்டையில் அது மேலூர்க்காரர் செக். ஆனால் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலியில் அந்த 46,000 இரண்டு வரவுகளாக உடைந்திருக்கிறது: திருமங்கலத்துக்கு 40,000, மேலூருக்கு வெறும் 6,000. 14ஆம் தேதி உசிலம்பட்டிக்காரர் என்இஎஃப்டியில் 55,000 அனுப்பியிருக்கிறார். அதில் 40,000 மேலூருக்குப் போய்விட்டது, உசிலம்பட்டிக்கு 15,000தான் வரவு. ஆக இன்றைக்கு உசிலம்பட்டிக்காரர் தான் கட்டிய 40,000 கணக்கில் ஏறாமல் நிற்கிறார், அவருக்கே அது தெரியாது. அடுத்து யாராவது பணம் அனுப்பினால் அது அவர் பேரில் விழும். இப்படி ஒருவர் பணத்தால் இன்னொருவர் பாக்கியை மூடிக்கொண்டே போவதைத்தான் எங்கள் ஆடிட்டர் வட்டாரத்தில் லேப்பிங் என்போம்.

மாதாமாதம் பேங்க் கணக்கு ஒத்துப்போகிறதே என்று எழுதியிருந்தாய். ஒத்துத்தான் போகும். வங்கியில் 46,000, புத்தகத்தில் 40,000மும் 6,000மும், கூட்டினால் அதே தொகை. மொத்தத்தை ஒப்பிடும் எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. திடீரென்று பெட்டியை எண்ணிப் பார்த்தாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் 3ஆம் தேதி வந்த ரொக்கம் புத்தகத்தில் ஏறவே இல்லை, புத்தகமும் பெட்டியும் பொருந்தித்தான் இருக்கும். எண்ணும்போது அன்றைய ரசீது புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டால்தான் பலன்.

அதனால் நீ செய்யவேண்டியது, ஒவ்வொரு வரவையும் ஆள் பேர் சொல்லி ஒப்பிடுவது. அதிலும் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது முக்கியம். லெட்ஜரில் உள்ள வரவை எடுத்துக்கொண்டு அதற்கு ரசீது இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் இருக்கும், ஒன்றும் தெரியாது. ரசீது புத்தகத்தின் கார்பன் நகலிலிருந்து ஆரம்பி. ஒவ்வொரு நம்பருக்கும் தேதி, பேர், தொகை, ரொக்கமா செக்கா என்பதைப் பார்த்து, அதே நான்கும் லெட்ஜரில் எங்கே ஏறியிருக்கின்றன என்று தேடு. அதேபோல பேங்க் ஸ்டேட்மென்ட்டில் என்இஎஃப்டி அனுப்பியவர் பேரைப் பார்த்து, அதே பேரில் வரவு இருக்கிறதா என்று பார். செக் விஷயத்தில் அடிக்கட்டையை மட்டும் நம்பாதே, அதில் பேரை மாற்றி எழுதலாம், செக்கின் நகலை வங்கியில் கேள். ஏப்ரல் முதல் இன்றுவரை பார்த்தால் போதும், முதலில்.

தாமதம் என்பதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். லைன் வசூலுக்குப் போன பையன் மூன்று நாள் கழித்து வந்து கொடுப்பான், பின்தேதியிட்ட செக்கை வாங்கி வைத்திருப்பீர்கள், நடுவில் வங்கி விடுமுறை வரும். பேர் மாறிப் பதிவதும் எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான். ஆனால் கைதவறி நடந்தது அந்த ஒரு இடத்தோடு நின்றுவிடும், யாராவது சொன்னால் நேராகத் திருத்திவிடுவார்கள். லேப்பிங்கில் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை விழும், அதே 40,000 ஆள் மாறி ஆள் மாறி நகரும். உன்னிடம் இருப்பது அந்தச் சங்கிலியின் இரண்டு கண்ணி, இரண்டும் தொடர்ந்து வருகின்றன. தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ரசீது புத்தகமே இரண்டு ஓடுகிறதா என்பதை மட்டும் உள்ளே இருந்து கண்டுபிடிக்க முடியாது. கணக்கில் இல்லாத புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்திருந்தால் உன் கார்பன் நகலில் ஒன்றும் இருக்காது. அதற்கு வாடிக்கையாளரிடம்தான் போகவேண்டும். "பாக்கி இவ்வளவு, சரிதானா?" என்று கேட்காதே, பாதிப் பேர் பார்க்காமலே சரி என்பார்கள். "உங்கள் புத்தகத்தில் எங்கள் கணக்கை ஜூன் 20 வரை தேதிவாரியாக எடுத்து என் போனுக்கே அனுப்புங்கள்" என்று கேள். மார்ச் 31க்கு பாக்கி சரியா என்று கேட்டு வருஷாவருஷம் கடிதம் போவது கேஷியருக்கும் தெரியும், அதற்குள் ஓட்டையைச் சின்னதாக்க வழி தேடுவார், ஆகவே யாரும் எதிர்பாராத தேதிதான் நல்லது. பதில் உன் கைக்கே வரவேண்டும், ஆபீஸ் மேசைக்கு அல்ல.

அப்புறம் வாடிக்கையாளர் பாக்கியைக் குறைத்துப் போடும் கிரெடிட் நோட்டுகளையும் தள்ளுபடிகளையும் பார். சங்கிலியை இழுத்துக்கொண்டே போவது கஷ்டம் என்று தெரிந்தால், "ரேட் வித்தியாசம்", "சரக்குத் திரும்பியது" என்று ஒரு கிரெடிட் நோட் போட்டு முடித்துவிடுவார்கள். சரக்குத் திரும்பியிருந்தால் குடோன் ஸ்டாக்கில் ஏறியிருக்குமே, அதையும் ஒப்பிடு.

நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனி. பேர் மாறிய வரவுகளை எல்லாம் கூட்டிவிடாதே. திருமங்கலம் 40,000, மேலூர் 40,000, உசிலம்பட்டி 40,000 என்று கூட்டினால் 1,20,000 வரும், ஆனால் போனது ஒரே 40,000தான், அது இடம் மாறியிருக்கிறது. கடைசியில் யார் யார் கணக்கில் எவ்வளவு ஏறாமல் நிற்கிறதோ அதையும், பொய்க் கிரெடிட் நோட்டில் மூடியதையும் கூட்டினால்தான் சரியான தொகை. மிகைப்படுத்திச் சொல்லி அந்த மனிதர் மேல் இல்லாத பழியைப் போடக்கூடாது, மல்லிகா. அவரிடம் இப்போதைக்கு எதுவும் கேட்கவும் வேண்டாம், ரசீது புத்தகங்கள், பே-இன் சிலிப்புகள், டாலி பேக்கப் மூன்றும் உன் கையில் வரட்டும். பிறகு ஒரு வாரம் விடுப்பில் அனுப்பிவிட்டு வேறு யாரையாவது பதியச் சொல். லேப்பிங் நடந்திருந்தால் அந்த வாரத்தில் அடுத்த வாடிக்கையாளர் தன் பணம் கணக்கில் ஏறவில்லை என்று தானாகவே போன் பண்ணக்கூடும். இந்தத் தில்லுமுல்லைத் தினமும் பக்கத்தில் இருந்து செய்தால்தான் ஓட்ட முடியும்.

ரசீது நகலையும் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டு முடித்ததும் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். வீட்டுக்காரரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அன்புடன்,
சாந்தி