உடற்கல்விப் பாட வேளையைப் பார்வையிட ஒரு பக்கப் படிவம் வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: உடற்கல்விப் பாட வேளையைப் பார்வையிடும்போது பாதுகாப்பு, பங்கேற்பு, திறன் வளர்ச்சி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு பக்கப் படிவம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் பார்வைக்கு வருகிறவர்கள் கணக்கு வகுப்பென்றால் பின் பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கவனிக்கிறார்கள். உடற்கல்வி என்று வந்தால் பாடக் குறிப்பேடு, விளையாட்டுப் பொருள் பதிவேடு, குறுவட்டப் போட்டியில் வாங்கிய சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பார்த்துக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். மைதானத்துக்கு வந்தாலும் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்களா, சீருடை இருக்கிறதா என்பதோடு சரி. இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மைதானத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய தாள் எதுவும் அவர்கள் கையில் இல்லை. அந்தத் தாளைத்தான் கேட்கிறேன்.

எல்லா விளையாட்டையும் ஒரே படிவத்தில் அடைக்க வேண்டாம். முதலில் நீளம் தாண்டுதலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மணல் குழி இருக்கும் பள்ளிகள் பல. ஆபத்து, காத்திருப்பு, படிப்படியான பயிற்சி மூன்றும் கண்ணெதிரே தெரியும் பாடமும் இதுதான்.

பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறேன். நமது செட்டிநாட்டுப் பக்கம் செம்மண்ணும் சரளையும்தான் தரை. மழை பெய்தால் அந்தச் செம்மண் குழிக்குள் கரைந்து இறங்குகிறது. வெயில் அடித்ததும் மேல் மணல் அப்பளமாகக் காய்ந்து இறுகிவிடுகிறது. பார்ப்பதற்கு மணல் குழிதான், குதித்தால் கட்டாந்தரை. ஆற்று மணல் கிடைக்காத இடங்களில் எம்-சாண்ட் கொட்டியிருக்கிறார்கள். அது உடைத்த கல், ஓரங்கள் கூர்மையாக இருக்கும். தூசு சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இப்படி இறுகிய குழியில் குதித்த எட்டாம் வகுப்பு மாணவன் பின்னால் சாய்ந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்றைய பாடக் குறிப்பேட்டில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே பாடம் தொடங்குவதற்கு முன்பே பார்வையாளர் குழிக்குப் போக வேண்டும். 30 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். விழும் இடத்தில் நான்கைந்து முறை குத்திப் பார்க்கட்டும். கையால் அழுத்தியே முழுதும் இறங்கினால் சரி, பாதியில் நின்றால் மண்வெட்டியால் கொத்திக் கிளறிய பிறகுதான் பாடம். கொத்தும்போதே கண்ணாடித் துண்டு, கல், நாய் அசுத்தம் எல்லாம் மேலே வந்துவிடும். குழியின் ஓரத்தில் செங்கலோ செம்பூரான் கல்லோ பதித்திருந்தால் அது மணல் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஓடுபாதையில் சரளை கிடக்கக் கூடாது. பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள்.

பாடம் நடக்கும்போது இரண்டே விஷயம் பார்த்தால் போதும். மணலைச் சமன் செய்கிறவர் குழியை விட்டு வெளியே வந்த பிறகுதான் அடுத்த பிள்ளை ஓடத் தொடங்குகிறதா? மணல் வாரி, பல் கீழே இருக்கும்படி, குழிக்குத் தள்ளிக் கிடக்கிறதா? ஆசிரியர் சொன்னாரா என்பது கேள்வியே இல்லை. பிள்ளைகள் செய்தார்களா என்பதுதான் எழுதப்பட வேண்டும்.

அடுத்தது பங்கேற்பு. நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். வகுப்பில் 40 பேர், பாட வேளை 45 நிமிடம். மைதானத்துக்கு வந்து வருகை எடுத்து உடலைச் சூடேற்ற 15 நிமிடம், முடிவில் 5 நிமிடம் போனால் மீதி 25 நிமிடம். ஒரு பிள்ளை ஓடி, தாண்டி, வெளியே வந்து, மணலைச் சமன் செய்ய அரை நிமிடம் ஆகும். அப்படியென்றால் மொத்தம் 50 தாண்டல். ஆளுக்கு ஒன்று, பத்துப் பேருக்கு இன்னொன்று. மீதி நேரம் முழுக்க வெயிலில் வரிசை. வரிசையின் கடைசியில் நிற்கிற பிள்ளை அந்த ஒன்றையும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து நழுவிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்கான வகுப்பாகத்தான் தெரியும்.

அதே 25 நிமிடத்தில் பத்துப் பத்துப் பேராக நான்கு குழுக்கள் பிரித்து, ஏறக்குறைய 6 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நிலைமை வேறு. ஒரு குழு குழியில், ஐந்தடி எடுத்து ஓடித் தாண்டும். இன்னொன்று பக்கத்தில் கொத்திவிட்ட மண்ணில் நின்ற இடத்திலிருந்து தாண்டும். மூன்றாவது சமதளத்தில் மூன்றடி ஓடி, ஒற்றைக் காலில் எழும்பி, நிற்காமல் ஓடிப் போகும். நான்காவது குழு தாண்டுவதே இல்லை, குறியிலிருந்து ஓடி உந்து கோட்டை மிதித்துப் பழகும். குழியில் ஆளுக்கு ஒன்றிரண்டு தாண்டல்தான், அந்த எண்ணிக்கை அதிகரிக்காது. ஆனால் மற்ற மூன்று இடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் பதினைந்து முறை உடலை அசைக்க வாய்ப்பு வருகிறது. இதற்குச் செலவு ஒரு பை சுண்ணாம்பு. ஒரே நிபந்தனை, ஆசிரியர் குழியின் பக்கம் நின்றாலும் நான்கு குழுவும் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அவர் முதுகு எந்தக் குழுவின் பக்கமும் வெகு நேரம் திரும்பியிருந்தால் படிவத்தில் குறிக்க வேண்டும்.

பங்கேற்பை அளக்க நான் பரிந்துரைக்கும் வழி எளியது. பார்வையாளர் மூன்று பிள்ளைகளை மனதில் தேர்ந்துகொள்ள வேண்டும்: நன்றாக விளையாடும் ஒருவர், நடுத்தரம் ஒருவர், பின்னால் ஒதுங்கி நிற்கும் ஒருவர். யாரென்று ஆசிரியரிடம் சொல்லக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நொடியில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று ஒரே எழுத்தில் எழுத வேண்டும். பயிற்சி செய்தால் ‘ப’, காத்திருந்தால் ‘கா’, விளக்கம் கேட்டால் ‘கே’, வேறு எதுவானாலும் ‘வே’. பாடம் முடிந்ததும் ‘ப’ எத்தனை என்று எண்ணினால் போதும். மூன்று பேரை வைத்து வகுப்பு முழுவதையும் எடைபோட முடியாது என்பது உண்மைதான். அதனால் ஒரே பருவத்தில் இரண்டு முறையாவது, வேறு வேறு பிள்ளைகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

உடல்நலம் காரணமாகத் தாண்ட முடியாத பிள்ளைகளுக்கும் வேலை உண்டா என்று ஒரு கேள்வி அவசியம். தோழி எந்தக் காலில் எழும்புகிறாள் என்று பார்த்துச் சொல்வது அப்படி ஒரு வேலை. மாதவிடாய் நாளில் ஒதுங்கும் பெண் பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்கக் கூடாது என்பதையும் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது திறன் வளர்ச்சி. இங்கே தாண்டிய தூரத்தை வைத்து மதிப்பிடவே கூடாது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வளர்ந்திருப்பான், பக்கத்தில் இன்னொருவன் இன்னும் வளர்ந்திருக்க மாட்டான். தூரம் அவன் உயரத்தைத்தான் சொல்லும். பாடத்தின் பயன் தெரிய வேண்டுமானால் மண்ணைப் பாருங்கள். நமது செம்மண்ணில் உந்து கோட்டுக்கு முன்னால் நான்கைந்து மீட்டரை விளக்குமாற்றால் கூட்டிவிட்டால் கால் தடம் அப்படியே பதியும். கடைசி மூன்று நான்கு தடங்கள் நெருங்கி நெருங்கி விழுந்திருந்தால் பிள்ளை கோட்டைப் பார்த்துத் தயங்கிச் சிற்றடி வைத்திருக்கிறது, வேகம் அங்கேயே போய்விட்டது. கடைசி ஓர் அடி மட்டும் சற்றுக் குறுகுவது இயல்பு, அதைக் குறையாக எழுத வேண்டாம்.

தடத்தைப் பார்த்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் கற்பித்தல் இருக்கிறது. ஒரு மாணவியின் கால் கோட்டைத் தாண்டி 30 சென்டிமீட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். “கோட்டைப் பார்த்து மிதி” என்று கத்தினால் அவள் தலையைக் குனிந்து ஓடுவாள், தயக்கம் கூடும். அவளுடைய தொடக்கக் குறியை அதே 30 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, “முன்னால் பார்த்து ஓடு” என்று சொன்னால் அடுத்த இரண்டு மூன்று ஓட்டத்தில் கால் கோட்டில் வந்து விழத் தொடங்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கோட்டுக்குப் பதில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை போட்டு, எங்கே மிதித்தாலும் சரி என்று விடுவது இன்னும் நல்லது. மணலிலும் தடம் உண்டு: இரண்டு குதிகாலும் பக்கம் பக்கமாகப் பதிந்திருக்கிறதா, அவற்றுக்குப் பின்னால் கை ஊன்றிய அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தால் இறங்குமுறை தெரிந்துவிடும்.

எனவே படிவத்தின் இந்தப் பகுதிக்கு இரண்டு கேள்விகள் போதும். ஐந்தடி ஓட்டத்தில் ஒற்றைக் காலில் எழும்பத் தெரியாத பிள்ளையை முழு ஓட்டத்துக்கு அனுப்பினார்களா? அந்த மூன்று பிள்ளைகளின் முதல் முயற்சிக்கும் கடைசி முயற்சிக்கும் இடையே தடத்தில் என்ன மாறியது?

ஐயா, இந்தப் படிவத்தில் மதிப்பெண் வேண்டாம். ‘கண்டேன்’, ‘காணவில்லை’, ‘பார்க்க வாய்ப்பில்லை’ என்று மூன்று கட்டங்கள் போதும். மூன்றாவது கட்டம் இல்லாவிட்டால் பாதியில் வந்து பாதியில் போகிறவர்களும் ஏதாவது ஒன்றை நிரப்பிவிடுவார்கள். மதிப்பெண் போட்டால் பார்வையாளர் வரும் நாளில் நன்றாகத் தாண்டும் பத்துப் பேரை மட்டும் ஆசிரியர் முன்னால் நிறுத்துவார். அப்புறம் இத்தனையும் வீண்.

எனவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் சில பள்ளிகளைத் தேர்ந்து, ஒரு பருவத்துக்கு நீளம் தாண்டுதல் பாடத்தில் மட்டும் இந்தப் படிவத்தைப் பரிசோதித்துப் பார்க்க ஆணையிட வேண்டும். பார்வையிடுகிறவர் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளராகவோ பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராகவோ இருந்து, முழுப் பாட வேளையும் மைதானத்தில் நிற்க வேண்டும். குறித்ததை அன்றைக்கே ஆசிரியருடன் உட்கார்ந்து பேச வேண்டும், அதை வைத்து அவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது. குழி பாதுகாப்பாக இல்லை என்று குறித்தால், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு பள்ளி மானியத்திலிருந்து மணல் மாற்ற அனுமதிக்க வேண்டும், மாற்றும் வரை அந்தக் குழியில் தாண்டலை நிறுத்தவும் உத்தரவிட வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பாசிரியரே பாதுகாப்புப் பகுதியை நிரப்பினால் போதுமானது.

படிவத்தின் மாதிரியைக் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் சொல்லும் நாளில் ஏதேனும் ஒரு பள்ளி மைதானத்துக்கு வந்து, ஒரு பாட வேளையைப் பார்வையிட்டு நிரப்பிக் காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: காரைக்குடி
நாள்:

நகல்: மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அவர்கள், சிவகங்கை.