நாய்க்குச் சோறு வைக்க ஓர் இடம் கேட்டு: நம் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குத் திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும், என்னைப் போலத் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் வணக்கம்.

'தெருவில் யாரும் நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது' என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தீர்மானம் நிற்காது. 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், சோறு வைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே கொடுத்திருக்கின்றன. அதே விதிகள் எங்களையும் கட்டுப்படுத்துகின்றன. மாடிப்படி, கட்டட வாசல், குழந்தைகள் விளையாடும் இடம், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடம் எதிலும் வைக்கக் கூடாது. வைத்த இடத்தில் குப்பை கிடக்கக் கூடாது. டெல்லித் தெரு நாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், ஒதுக்கிய இடத்தில்தான் உணவிட வேண்டும் என்றது.

நம் தெருவில் நடப்பது என்ன? ஏழு நாய்களுக்கு நாலு வீட்டு வாசலில், நாலு வெவ்வேறு நேரத்தில் சோறு விழுகிறது. எந்த வாசலில் சோறு கிடைக்கிறதோ அந்த வாசலை நாய் காவல் காக்கத் தொடங்கிவிடும். பால்காரரையும் டெலிவரிப் பையனையும் துரத்துவது அதனால்தான். அது அன்பின் விளைவு என்று சொல்லி நாங்கள் தப்பிக்க முடியாது.

தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் பழைய ரேஷன் கடையின் பின்சுவர் ஓரத்தைத் தாருங்கள். அங்கே எந்த வீட்டு வாசலும் இல்லை. காலை ஆறு மணிக்கு முன், இரவு ஒன்பதரைக்குப் பின், இரண்டே வேளை. ஒவ்வொரு நாய்க்கும் தனித் தட்டு, நாலடி இடைவெளியில். ஒரே குவியலாகக் கொட்டினால் சண்டை வரும். அந்தக் குரைப்புதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. கால் மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுதான் வைக்க வேண்டும். மீந்ததை அள்ளிக்கொண்டு தட்டோடு வீடு திரும்ப வேண்டும். விட்டுவிட்டால் பெருச்சாளி வரும். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், அது கூராக உடைந்து குடலைக் குத்தும். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு கொசு தொட்டியின் உட்சுவரில்தான் முட்டையிடும். வாரத்தில் இரண்டு தடவையாவது தேய்த்துக் கழுவ வேண்டும்.

இடம் கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கருத்தடை ஆபரேஷன். அந்த ஏழில் மூன்று நாய்களுக்கு மட்டுமே ஆபரேஷன் முடிந்ததைக் காட்டும் வெட்டுக்குறி காதில் இருக்கிறது. மீதி நாலில் இரண்டு பெட்டைகள். ஆண் நாய்களை எத்தனை பிடித்தாலும், ஒன்று தப்பினால் போதும், பெட்டைகள் குட்டி போட்டுவிடும். அதனால் பெட்டைகள் முதலில். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் தெருவில் குட்டிகள் நிற்கும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயை மட்டும், அவை பால் மறக்கும்வரை விட்டுவைக்க வேண்டும்.

1913-க்குப் போன் செய்தால் மாநகராட்சி நாய் வண்டி வரும். வலையோடு துரத்தினால் நாய்கள் சிதறி ஓடிவிடும், அடுத்த முறை வண்டிச் சத்தம் கேட்டாலே மறைந்துவிடும். குறித்த நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து பழகிய நாயைச் சோறு வைப்பவரே பிடித்துக் கொடுத்துவிடலாம். ஆபரேஷன் முடிந்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதில் குறி வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். 'எங்காவது தூரத்தில் விட்டுவிடலாமே' என்று கேட்கிறீர்கள். குப்பையும் சோறும் இங்கேயே இருந்தால் பக்கத்துத் தெரு நாய் அந்த இடத்துக்கு வரும், ஊசி போடாத நாயாக. திரும்பி வந்த நாய் தையலை நக்குகிறதா, வீக்கம் இருக்கிறதா என்று சில நாள் பார்ப்பது எங்கள் வேலை. ஆபரேஷன் செய்த நாயும் கடிக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும்.

சோறு வைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 'என் நாயை வண்டியில் ஏற்ற விடமாட்டேன், பாவம்' என்பவர் தயவுசெய்து சோறு வைக்க வேண்டாம். அப்புறம், வருடா வருடம் தடுப்பூசிக்கு நாயைப் பிடித்துத் தரும் வேலையும் நம்முடையதே.

ஏழு நாய்களின் படம், அடையாளம், காதுக்குறி விவரத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சங்கத்தின் பெயரில் புகார் பதிந்தால் நல்லது. வண்டி வரும் தேதி தெரிந்ததும் எல்லோருக்கும் சொல்கிறேன். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முந்தைய இரவு யாரும் பிஸ்கட்கூடப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டாம் குறுக்குச் சந்திலிருந்து ஒரு குடியிருப்பாளர்