என் மகளின் படத்தையும் என் ஓடர் ஸ்கிரீன்ஷொட்டையும் உங்கள் பக்கத்திலிருந்து நீக்குங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் திருகோணமலைக் கிளையில் கேட்டால் பேஜை கொழும்பில்தான் பார்க்கிறார்கள் என்கிறார்கள், கொழும்புக்கு எடுத்தால் கிளையில் பேசுங்கோ என்று போனை வைத்துவிடுகிறார்கள். அலைந்து களைத்துப் போய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன். ஓடர் விபரம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது, இன்னொரு தரம் என்னைக் கேட்க வேண்டாம்.

மகளின் பிறந்தநாளுக்கு உங்களிடம் ஒரு கவுன் எடுத்தேன். தோள் பகுதி தொங்கியது. ஒரு சைஸ் சின்னதாக மாற்றித் தரலாமா என்று கேட்கத்தான் அவள் போட்டு நின்ற படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீங்கள் என் கேள்வியை வெட்டிவிட்டு, படத்தையும் அதற்கு முன் நான் எழுதிய "பார்சல் கிடைச்சுது, நன்றி" என்ற வரியையும் சேர்த்து ஸ்கிரீன்ஷொட்டாக, 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளையின் முகம் தெரிகிறது, பின்னால் எங்கள் வீட்டு கேற் தெரிகிறது. சைஸ் பார்க்கத் தந்த படம் விளம்பரத்துக்குத் தந்த படமாகுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

போன் நம்பரை மறைத்துத்தானே போட்டோம் என்றார் உங்கள் ஆள். மறைத்த இலட்சணத்தைச் சொல்கிறேன். போனில் படம் திருத்தும் இடத்தில் உள்ள ஹைலைட்டர் பேனையால் கறுப்பாகக் கிறுக்கியிருக்கிறீர்கள். அது கண்ணாடி மாதிரி, கீழே உள்ளதை முழுதாக மறைக்காது. மேலே மேலே கீறக் கீறக் கறுப்பாகத் தெரியும், ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே மெல்லிய வித்தியாசம் அப்படியே கிடக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி அந்தப் படத்தைத் தன் போனில் இறக்கி, பிரைட்னஸையும் கொன்ட்ராஸ்டையும் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினார். கறுப்பு சாம்பலாகி, என் நம்பர் ஒவ்வொரு இலக்கமாக மேலே வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரவில் தெரியாத ஆட்கள் ஏன் எடுக்கிறார்கள், "அக்கா கவுன் விலை என்ன" என்று தொடங்கி வேறு கதைக்கு ஏன் போகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. என் நிம்மதி முழுதாகப் போய்விட்டது, இனி இந்த நம்பரையே வைத்திருக்க முடியாது.

இரண்டாவது படத்தில் பார்சல் லேபிள். பெயருக்கும் பார்சல் இலக்கத்துக்கும் மேல் ஸ்டிக்கர், பார்கோட் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அதை ஸ்கேன் பண்ணினால் நீங்கள் மறைத்த அதே பார்சல் இலக்கம் வரும் என்பது பார்சல் அனுப்பியே பிழைக்கிற உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் கடையில் நின்ற அந்தப் பொடியனை என்னால் மறக்க முடியவில்லை. வேலைக்கு லீவு போட்டு, உப்புவெளியிலிருந்து பஸ் ஏறி கடைக்கு வந்து நிற்கிறேன், அவர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "நீங்கள்தானே அனுப்பினீங்கள், எல்லாக் கடையும் போடுறதுதான், ஸ்டோரி ஒரு நாளில் போயிடும்" என்றார். ஸ்டோரி 24 மணித்தியாலத்தில் போகும், சரி. ஆனால் நீங்கள் அதை இன்ஸ்டகிராம் ஹைலைட்ஸில் சேமித்து வைத்திருக்கிறீர்கள், அங்கே நீங்கள் எடுக்கும் வரைக்கும் இருக்கும். பேஸ்புக் போஸ்டிலும் அதே படம். மனேஜர் வரட்டும் என்றார், மத்தியானம் வரை நின்றேன், வரவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை.

உங்கள் துணிகள் நல்லவை, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் தயவாகவே கேட்கிறேன். ஹைலைட்ஸ், போஸ்ட், வட்ஸ்அப் குழு எல்லாவற்றிலிருந்தும் இரண்டு படங்களையும் எடுங்கள். உங்கள் ஆட்களின் போன்களில் உள்ளதையும் அழித்துவிட்டு எழுத்தில் பதில் தாருங்கள். கவுனையும் மாற்றித் தாருங்கள், அது இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

இனி விற்றதற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமென்றால் பொருளும் அந்த ஒரு வரியும் போதும், மற்றதை வெட்டி எறியுங்கள். மறைத்தே ஆக வேண்டிய இடத்தில் பேனையால் கிறுக்காமல், முழுக் கறுப்பு நிறம் நிரப்பிய பெட்டியை வைத்து, புதுப் படமாகச் சேமித்து, பிரைட்னஸை ஏற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆளின் படம் என்றால், எங்கே போடப் போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த சம்மதத்தையே திரும்ப எடுக்கலாம் என்று இருக்கிறது. நான் சம்மதம் தரவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் படங்கள் போகாவிட்டால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதுவேன், திருகோணமலைப் பொலிசிலும் முறைப்பாடு கொடுப்பேன். அந்த இரவு அழைப்புகளின் நம்பர்கள் எல்லாம் சேமித்து வைத்திருக்கிறேன். பதிலை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள், மறுபடி கடைக்கு வரச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உப்புவெளி, திருகோணமலை