12 சீட் வண்டியில் 17 சாமிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, 17 சாமி இருக்கோம். உங்க 12 சீட் வண்டியிலயே அட்ஜஸ்ட் பண்ணிப் போயிரலாமா?" தென்காசியில் இரண்டு டெம்போ டிராவலர் வைத்து ஓட்டுகிறேன். முடியாது என்றால் அடுத்த வண்டிக்காரரிடம் போய்விடுகிறார்கள். போலீஸ் பிடித்தால் கூடுதல் ஆளுக்குத் தலா 200 ரூபாய் அபராதம், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் எப்படிப் பிரியும் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, பல உரிமையாளர்களுக்கும் தெரியவில்லை.

பயணிகளுக்கான பிரீமியம் தலைக்கணக்கில்தான் கட்டப்படுகிறது. 2022-இல் அரசு அறிவித்த கட்டணப்படி, 6 பேருக்கு மேல் ஏற்றும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைத் தொகை 14,343 ரூபாய். அதோடு அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் 877 ரூபாய். 12 பேருக்கு என்றால் வரி சேராமல் 24,867 ரூபாய் வரும். கம்பெனி பணம் வாங்கியது 12 பேருக்கு. 13-வது ஆளுக்கு யாரும் எதுவும் கட்டவில்லை.

அப்படியானால் விபத்தில் அடிபட்டால், 12-க்கு மேல் ஏறிய அந்த ஐந்து பேரின் கதி? 42 பேருக்குக் காப்பீடு செய்த பஸ்ஸில் சுமார் 90 பேர் போய் விபத்துக்குள்ளான வழக்கில், 2007-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது (அஞ்சனா ஷ்யாம் வழக்கு). தீர்ப்பான இழப்பீடுகளில் பெரிய தொகைகளாக 42-ஐ எடுத்துக் கூட்டி, அதை மட்டும் கம்பெனி கட்ட வேண்டும். அந்தப் பணத்தை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை வண்டி உரிமையாளரிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதை நம் 17 சாமிகளுக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, எல்லோருக்குமாக 60 லட்சம் தீர்ப்பாகிறது, அதில் பெரிய 12 தொகைகள் சேர்ந்து 54 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 54 லட்சம் கட்டும். ஒவ்வொருவருக்கும் ரூபாய்க்கு 90 காசு கிடைக்கும். முறையாகத் தன் சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கும் அதே 90 காசுதான். இதைத்தான் குருசாமிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாக்கி 6 லட்சம் என் தலையில். என்னிடம் இல்லையென்றால் அந்தக் குடும்பங்கள் என் வண்டியையும் வீட்டையும் ஜப்தி செய்ய அலைய வேண்டும். முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டு, கூடுதலை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவிட்ட தீர்ப்பும் 2011-இல் வந்திருக்கிறது. அப்போதும் கடைசியில் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

ஆள் கணக்கு சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ளலாம். ஒருமுறை பாலிசியைப் புதுப்பித்தபோது ஏஜெண்ட் 12-க்குப் பதில் 9 என்று போட்டுவிட்டார். பிரீமியம் 2,600 ரூபாய் போலக் குறைந்ததால் சந்தேகம் வந்து பார்த்தேன். அன்றைக்கே மீதிப் பணத்தைக் கட்டித் திருத்தம் எழுதி வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் டிரைவரையும் சேர்த்து 13 என்று இருக்கும். பாலிசியில் டிரைவர் நீங்கலாக 12 இருக்க வேண்டும். பின்னால் ஒரு வரிசை சீட்டைக் கூடுதலாகப் போட்டுவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்தே வராது.

அப்புறம் பெர்மிட். பாலிசியிலேயே, பெர்மிட்டுக்கு உட்பட்டு ஓட்டினால்தான் காப்பீடு என்று எழுதியிருக்கிறது. நம்முடையது ஒப்பந்த வண்டி. ஒரு குழு மொத்தமாக வாடகை பேசி ஏறி, அந்தக் குழுவோடு திரும்ப வேண்டும். வழியில் செங்கோட்டையில் நின்று, ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போல வாங்கி ஏற்றக் கூடாது. அதனால்தான் பயணிகள் பட்டியலை வண்டியில் வைத்திருக்கிறோம். பெர்மிட்டே இல்லாமல் ஓடிய லாரி வழக்கில், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு வாரம் காலாவதியான பெர்மிட்டோடு பம்பைக்குக் கிளம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வாடகை பேசும்போது ஏசி உண்டா, பாட்டு உண்டா என்று கேட்கிறீர்கள். சரி, அதோடு ஆர்.சி.யில் எத்தனை சீட், பாலிசியில் எத்தனை பயணி, பெர்மிட் எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 17 பேர் என்றால் 17 சீட் வண்டியைக் கேளுங்கள். வாடகை கொஞ்சம் கூடும், தலைக்குப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு டெம்போ டிராவலர் உரிமையாளர்,
தென்காசி.