‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகப் புத்தகம் போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாள், அச்சு, ஐ.எஸ்.பி.என் எல்லாம் விவரமாக இருந்தது. உள்ளே போடும் படங்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. நான் அதில்தான் மாட்டிக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவின் சிறுகதைகளைத் தொகுத்து 300 பிரதிகள் அச்சிட்டேன். எங்கள் ஊர்த் தேரின் படம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கி உள்ளே சேர்த்து, அடியில் ‘நன்றி: இணையம்’ என்று போட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் படம் எடுத்தவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் அதை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் CC BY-SA 4.0 என்ற பொது உரிமத்தில் ஏற்றியிருந்தார். அந்த உரிமம் உள்ள படத்தை யாரும் பணம் தராமல், விற்கிற புத்தகத்தில்கூடப் போடலாம். ஆனால் எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதன் இணைய முகவரி, படத்தை மாற்றியிருந்தால் அந்த விவரம், இவ்வளவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இலவச அனுமதியே செல்லாமல் போய்விடும். நல்லவேளையாக, தவறு தெரிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் அனுமதி திரும்பக் கிடைக்கும் என்று அந்த உரிமத்திலேயே இருக்கிறது. விற்காமல் வீட்டில் கிடந்த 180 பிரதிகளிலும் நானும் என் மகளும் உட்கார்ந்து, படத்துக்குக் கீழே அவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் அதன் இணைய முகவரியையும் ‘கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டது’ என்ற குறிப்பையும் அச்சிட்ட சீட்டுகளை ஒட்டினோம். அவரும் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் பதிப்புக்கு எல்லாப் படங்களையும் மறுபடி பார்த்தேன். 1954இல் ஸ்டூடியோவில் எடுத்த அப்பாவின் படத்தில் சிக்கல் இல்லை. 1958க்கு முன் எடுத்த ஒளிப்படங்களுக்குப் பழைய சட்டப்படி, எடுத்ததிலிருந்து 50 ஆண்டுகள்தான் காப்புரிமை.

கஷ்டம் கொடுத்தது ஓர் ஓவியம். 1978இல் அப்பாவின் கதை ஒரு வார இதழில் வந்தபோது அதனுடன் வந்த கோட்டோவியம் அது. கதை அப்பாவுடையது, இதழும் எங்கள் வீட்டில் இருக்கிறது, ஓவியம் மட்டும் எப்படி வேறொருவருடையதாகும் என்றுதான் நானும் நினைத்தேன். இதழ் அலுவலகத்தில் கேட்டேன், உடனே அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தைப் பார்த்த வழக்கறிஞர் நண்பர், “இது மட்டும் பத்தாதுங்க” என்றார். காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டினார். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓவியர் வரைந்ததை நாளிதழ், வார இதழ் போன்றவற்றில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், புத்தகம் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் உரிமை ஓவியருக்கே. அவர் காலமாகியிருந்தால் அதன் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு.

ஓவியர் இப்போது உயிருடன் இல்லை. ஓவியத்தின் மூலையில் இரண்டு எழுத்துக் கையொப்பம் மட்டும் இருந்தது. அதை வைத்து யாரென்று விசாரித்து அவர் குடும்பத்தைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது. இரண்டு மகன்கள், ஒரு மகள். உரிமை மூவருக்கும் பொது என்பதால் மூவரிடமும் எழுத்தில் வாங்கினேன்.

“தாராளமாப் போட்டுக்கோங்கம்மா” என்று மூத்த மகன் போனிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வாய்வார்த்தை போதாது, சட்டம் எழுத்தில் கேட்கிறது. எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் பொருள். மின்நூலை வெளிநாட்டிலும் வாங்குவார்களே! அதனால் கடிதத்தில் ஓவியத்தின் நகலை ஒட்டி, எந்த இதழில் வந்தது, என் புத்தகத்தில் எந்தப் பக்கம், அரைப்பக்க அளவு, அச்சும் மின்நூலும், எல்லா மறுபதிப்புகளுக்கும், உலகம் முழுவதும், காப்புரிமை உள்ள காலம் வரை என்று எழுதினேன். அட்டையில் போடுவதானால் தனியாகக் கேட்பேன் என்றும் சேர்த்தேன். ஒரு சிறு தொகையும், மூன்று பிரதிகளும் கொடுத்தேன். பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்டதற்கு, தங்கள் அப்பா கையொப்பமிட்ட புனைபெயரையே போடச் சொன்னார்கள். ‘ஓவியம்: (அந்தப் பெயர்). உரிமை: ஓவியரின் குடும்பத்தார். அனுமதியுடன்’ என்று ஓவியத்துக்கு அடியிலேயே போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் இதழில் கதைகளுக்கு ஓவியம் வருகிறது, ஓவியர் பெயர் பாதி நேரம் வருவதில்லை. கதாசிரியர் பெயருக்குக் கீழேயே அதையும் அச்சிடுங்கள். நாற்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த இரண்டு எழுத்துக் கையொப்பத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்